பெருக்கு, கூட்டு என்று மந்திரம் ஓதாதீர்கள்

நிகழ்தகவுப் பாடத்தில் மர வரைபடம் என்று ஒன்று உண்டு. அதை நடத்தும் பல வாத்தியார்களும், வீட்டுக்கு வீடு முளைத்துவிட்ட டியூஷன் சென்டர்களும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது ஒரே ஒரு வரிதான். "கிளை வழியே போனால் பெருக்கு, கீழே இறங்கினால் கூட்டு." முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு சொல்லிக் கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இந்த வரியைப் போலப் பிள்ளைகளைக் கெடுத்த வரி கணக்குப் பாடத்தில் வேறு இல்லை. வரி தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எதைப் பெருக்குகிறோம், எதை எதோடு கூட்டுகிறோம், கூட்ட நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்று ஒன்றையும் அது சொல்வதில்லை. அதனால் பிள்ளை கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டிவிட்டு வருகிறது.

நம் புதுவை அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்குப் போய்விட்டன. முன்பு 11-ஆம் வகுப்பில் இருந்த மொத்த நிகழ்தகவும் பேயஸ் தேற்றமும் இப்போது 12-ஆம் வகுப்பில் வருகின்றன. வகுப்பு மாறியது, புத்தகம் மாறியது, மந்திரம் மட்டும் மாறவில்லை. எங்கள் செலியமேட்டில் என் வீட்டுத் திண்ணைக்குச் சந்தேகம் கேட்டு வரும் பிள்ளைகளின் நோட்டைப் பார்த்தாலே தெரிகிறது.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். புத்தகத்தில் முதல் இயந்திரம், இரண்டாம் இயந்திரம், பழுதான போல்ட்டு என்று ஒரு கணக்கு. நம் ஊர்ப் பிள்ளை போல்ட்டு செய்யும் இயந்திரத்தை எங்கே பார்த்தது? புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு விதை நெல்லைப் பற்றிக் கேட்டேன். அவள் அப்பா பயிர் வைக்கிறவர்.

"உங்க அப்பா நூறு கிலோ விதை நெல் வாங்குறார்னு வை. அறுபது கிலோ ஒரு கடையில, அது நூத்துக்குத் தொண்ணூறு முளைக்கும். நாற்பது கிலோ இன்னொரு கடையில, அது நூத்துக்கு எழுபதுதான் முளைக்கும். ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்தாச்சு. ஒரு மணியை எடுத்தா அது முளைக்கிறதுக்கு நிகழ்தகவு என்ன?"

"தொண்ணூறும் எழுபதும் கூட்டினா நூத்தி அறுபது வருது தாத்தா. ஒண்ணுக்கு மேல போகக் கூடாதே. அப்ப ரெண்டால வகுக்கணுமா? எண்பது."

நூற்று அறுபது வந்ததும் ஏதோ தப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அளவுக்குச் சந்தோஷம். ஆனால் தப்பைச் சரிசெய்ய அவள் கையில் இருந்தது இரண்டால் வகுப்பது மட்டும்தான். மந்திரம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. "கீழே இறங்கினால் கூட்டு" என்பது அவள் காதில் கிளைகளையே கூட்டு என்று விழுந்திருக்கிறது. கூட்ட வேண்டியது கிளையை அல்ல, கிளை நுனியில் வந்து சேரும் பெருக்கலை என்று யாரும் அவளை உட்கார வைத்துச் சொல்லவில்லை.

நூறு மணி என்று எண்ணிப் பாருங்கள். அறுபது மணி முதல் கடையிலிருந்து வந்தவை, அதில் நூற்றுக்குத் தொண்ணூறு என்றால் 54 முளைக்கும். நாற்பது மணி இரண்டாம் கடை, அதில் நூற்றுக்கு எழுபது என்றால் 28 முளைக்கும். மொத்தம் 82. இந்த 54-தான் 0.6 × 0.9 என்ற பெருக்கல், 28-தான் 0.4 × 0.7. பெருக்கல் என்பது இங்கே "இதில் இத்தனை பங்கு, அந்தப் பங்கில் இத்தனை பங்கு" என்று எண்ணுவதே தவிர வேறு எந்த மாயமும் இல்லை. முளைக்கிற மணி ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கடையிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும், இரண்டு கடையிலிருந்தும் வந்த மணி என்று ஒன்று கிடையாது. அதனால்தான் 54-ஐயும் 28-ஐயும் கூட்டலாம்.

எண்பதுக்கும் எண்பத்திரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்காதீர்கள். நெல் விதைக்குச் சான்று கொடுக்க முளைப்புத் திறன் குறைந்தது 80 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதைச் சான்று விதி. இப்போது அளவை மாற்றிப் போடுங்கள். நல்ல விதை நாற்பது கிலோ, மட்டமான விதை அறுபது கிலோ. 36-ம் 42-ம் சேர்ந்து 78. கோட்டுக்குக் கீழே போய்விட்டது. இரண்டால் வகுக்கிற பிள்ளைக்கு இரண்டு கலவைக்கும் அதே எண்பதுதான் வரும். எந்தப் பக்கம் எவ்வளவு கொட்டினோம் என்பதையே அது பார்ப்பதில்லை.

இதிலிருந்து பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. எந்த கைடிலும் இதை நான் பார்த்ததில்லை. கூட்டி வருகிற மொத்த விடை, இரண்டாம் கட்டக் கிளைகளில் எழுதிய இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்க வேண்டும். எழுபதுக்குக் கீழேயும் போகாது, தொண்ணூறுக்கு மேலேயும் போகாது. எந்தப் பக்கம் பங்கு அதிகமோ அந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். அறுபது பங்கு தொண்ணூறில் இருந்தால் எண்பதைத் தாண்டித்தான் நிற்கும். அடுத்து, மரத்தின் நான்கு நுனிகளிலும் உள்ள பெருக்கல்களைக் கூட்டினால் சரியாக ஒன்று வர வேண்டும். 54, 6, 28, 12, ஆக நூறு. வரவில்லை என்றால் ஒரு கிளை விட்டுப் போயிருக்கிறது, அல்லது ஒரு கிளையில் தப்பான எண் ஏறியிருக்கிறது. தேர்வில் இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

கூட்டுவதற்கு உரிமை வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அது இல்லாத இடத்தில் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மாம்பழக் கூடையைச் சொல்வேன். கூடையில் பத்துப் பழம், அதில் மூன்று அழுகல். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு எடுக்கிறோம். ஒன்றாவது அழுகலாக இருக்க நிகழ்தகவு என்ன? "முதல் பழம் அழுகல் 3/10, இரண்டாவது அழுகல் 3/10, கூட்டினா 6/10" என்று நல்ல மார்க்கு வாங்கும் பிள்ளைகளே எழுதுகிறார்கள்.

மரத்தைப் போட்டுப் பார்ப்போம். இரண்டும் அழுகல் என்பது 3/10 × 2/9, அதாவது 6/90. முதலாவது அழுகல், இரண்டாவது நல்லது என்பது 3/10 × 7/9, அதாவது 21/90. முதலாவது நல்லது, இரண்டாவது அழுகல் என்பது 7/10 × 3/9, அதுவும் 21/90. மூன்றையும் கூட்டினால் 48/90. பிள்ளை எழுதியது 54/90. அதிகமாக வந்த அந்த 6/90 எங்கிருந்து வந்தது? இரண்டும் அழுகலாக இருக்கும் நுனிதான். "முதல் பழம் அழுகல்" என்பதிலும் அது இருக்கிறது, "இரண்டாம் பழம் அழுகல்" என்பதிலும் இருக்கிறது. ஒரே ஆளின் பெயரை ரேஷன் கார்டில் இரண்டு முறை சேர்த்த மாதிரி.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. இரண்டாம் பழம் அழுகலாக இருக்க நிகழ்தகவு உண்மையிலேயே 3/10-தான். 6/90-ம் 21/90-ம் கூட்டினால் 27/90. அதில் பிள்ளை தப்பு செய்யவில்லை. ஆனால் அந்த எண்ணை மரத்தின் இரண்டாம் கட்டக் கிளையில் ஏற்றினால் தப்பு. கிளையில் எழுத வேண்டியது முதல் பழம் எது என்று தெரிந்த பிறகு வரும் எண், 2/9 அல்லது 3/9. நிபந்தனை நிகழ்தகவு என்று பெரிய பெயர் வைத்திருப்பது இதற்குத்தான். மரத்தின் முதல் கட்டம் தவிர மற்ற எல்லாக் கிளையும் நிபந்தனைக் கிளைதான். மந்திரம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இதெல்லாம் ஐந்து மார்க்கு விஷயம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று நினைப்பவர்கள் 2020-ஆம் வருடத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் ஜூன் 14-ஆம் தேதி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், ஸ்டாண்டர்ட் கியூ என்ற கொரோனா ஆன்டிஜன் சோதனைக் கிட்டைப் பற்றி ஒரு அறிவுரை வெளியிட்டது. மூக்கில் குச்சியை விட்டு அரை மணியில் முடிவு சொல்வார்களே, அந்தச் சோதனை. நோய் உள்ளவர்களை உள்ளவர் என்று அது கண்டுபிடித்தது நூற்றுக்கு 50.6 முதல் 84 வரை. நோய் இல்லாதவர்களை இல்லாதவர் என்று சொன்னது நூற்றுக்கு 99.3 முதல் 100 வரை. ஒளிவு மறைவு இல்லாமல் போட்டிருந்தார்கள். கிட்டில் நெகட்டிவ் வந்தாலும் சந்தேகம் உள்ளவருக்கு ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை கட்டாயம் என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள்.

ஊரில் யார் அதைப் படித்தார்கள்? காய்ச்சலோடு போய் கிட்டில் நெகட்டிவ் என்று வாங்கிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் போனவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். அவர்களில் படித்தவர்கள் உண்டு, கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களும் உண்டு. அவர்களிடம் மந்திரம் இருந்தது, மரம் இல்லை.

மரத்தைப் போடுவோம். காய்ச்சலோடு வரிசையில் நிற்கும் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 200 பேருக்கு நோய் இருக்கிறது என்று வைப்போம், இது நான் உதாரணத்துக்கு வைத்த எண். கண்டுபிடிக்கும் திறனில் கீழ் எல்லையைச் சுலபத்துக்காகப் பாதி என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லாதவரில் நூற்றுக்கு ஒருவருக்குத் தப்பாகப் பாசிட்டிவ் காட்டும் என்றும் வைக்கிறேன். நோய் உள்ள 200 பேரில் 100 பேருக்குப் பாசிட்டிவ், 100 பேருக்கு நெகட்டிவ். நோய் இல்லாத 800 பேரில் 8 பேருக்குப் பாசிட்டிவ், 792 பேருக்கு நெகட்டிவ்.

நெகட்டிவ் சீட்டு வாங்கியவர்கள் மொத்தம் 892 பேர். இது இரண்டு நுனிகளைக் கூட்டி வந்த எண். அவர்களில் 100 பேருக்கு நோய் இருக்கிறது. ஒன்பது பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்பது பேர் உட்கார்ந்த பந்தியில் ஒரு இலைக்காரருக்கு நோய்.

பிள்ளைகளும் பெரியவர்களும் இங்கேதான் இன்னொரு பள்ளத்தில் விழுகிறார்கள். நோய் உள்ளவருக்கு நெகட்டிவ் வர நிகழ்தகவு என்ன என்றால் பாதி. நெகட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க நிகழ்தகவு என்ன என்றால் ஒன்பதில் ஒன்று. இரண்டும் இரண்டு கேள்வி. முதலாவது, மரத்தின் கிளையில் எழுதியிருக்கும் எண். இரண்டாவது எங்கேயும் எழுதியிருக்காது. நெகட்டிவ் என்று முடியும் நுனிகள் எல்லாவற்றையும் கூட்டிக் கீழே வைத்து, நமக்கு வேண்டிய ஒரு நுனியை மேலே வைத்து வகுக்க வேண்டும். பேயஸ் தேற்றம் என்று ஒரு பக்கத்துக்குச் சூத்திரம் எழுதிப் பயமுறுத்துவது இவ்வளவுதான். கீழே வைக்கும்போது ஒரு நுனியை மறந்தால், விடை பார்க்க ஒழுங்காகவே இருக்கும், பொய்யாக இருக்கும்.

இப்போது அதே கிட்டை எடுத்துக்கொண்டு, காய்ச்சல் எதுவும் இல்லாத ஒரு ஊரில் வீடு வீடாகப் போய் ஆயிரம் பேரைச் சோதிக்கிறோம் என்று வைப்போம். பத்துப் பேருக்குத்தான் நோய். அதில் 5 பேருக்குப் பாசிட்டிவ், 5 பேருக்கு நெகட்டிவ். மீதி 990 பேரில் நூற்றுக்கு ஒருவர் என்றால் ஏறக்குறைய 10 பேருக்குத் தப்பான பாசிட்டிவ். ஆகப் பாசிட்டிவ் 15 பேர், அதில் உண்மை 5. மூன்றில் ஒருவருக்குத்தான் நோய். நெகட்டிவ் வந்த 985 பேரில் நோய் உள்ளவர் 5 பேர் மட்டும், அந்தச் சீட்டை ஓரளவு நம்பலாம். காய்ச்சல் வரிசையிலோ பாசிட்டிவ் வந்த 108 பேரில் 100 பேர் உண்மை, நெகட்டிவ்தான் ஏமாற்றுகிறது. கிட்டு ஒன்றே, குச்சி ஒன்றே. முதல் கட்டக் கிளையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது மாறியதும் சீட்டின் பொருளே தலைகீழாகிவிட்டது. தப்பான பாசிட்டிவே வராத கிட்டு, அதாவது அந்த 100 என்ற மேல் எல்லை, உண்மையாக இருந்தால் இந்த ஊர்க் கணக்கின் பத்துப் பேர் மறைந்துவிடுவார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 99-க்கும் 100-க்கும் நடுவில் உள்ள அந்த ஒன்று, 990 பேரோடு பெருக்கும்போது எவ்வளவு பெரிதாகிறது பாருங்கள்.

"சரி, ரெண்டு தடவை அதே கிட்டுல பார்த்துட்டா? பாதியில பாதி, கால்தானே தப்பும்?" என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார், நல்ல கேள்வி. ஆனால் அது மாம்பழக் கூடையில் இரண்டாம் கிளையிலும் 3/10 போடுகிற அதே தப்பு. முதல் தடவை தப்பியவருக்கு ஏன் தப்பியது? கிருமி குறைவாக இருந்திருக்கலாம், நோய் ஆரம்பமாக இருந்திருக்கலாம். அதே நாளில் மறுபடி குச்சி விட்டால் அந்தக் காரணம் அங்கேயேதான் இருக்கும். இரண்டாம் கிளையில் பாதி என்று போட யாருக்கும் உரிமை இல்லை. வேறு வகைச் சோதனை செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு நியாயம்.

இந்தத் தப்பு இங்கிலாந்தில் ஒரு தாயையே சிறையில் தள்ளியது. சாலி கிளார்க் என்ற பெண்மணியின் இரண்டு குழந்தைகள் கைக்குழந்தைகளாகவே இறந்தன. அவரே கொன்றதாக வழக்கு. அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறக்க 8543-இல் ஒன்று என்று ராய் மெடோ என்ற குழந்தை மருத்துவ நிபுணர் சாட்சி சொன்னார். இரண்டு குழந்தைக்கு அதை அதாலேயே பெருக்கி, ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார். 1999-இல் தண்டனை. ஒரே தாய் தகப்பன், ஒரே வீடு, ஒரே இரத்தம். முதல் குழந்தை அப்படி இறந்த வீட்டில் இரண்டாவதற்கும் அதே 8543 எப்படிப் பொருந்தும்? 2001-இல் அந்நாட்டு ராயல் புள்ளியியல் சங்கமே இதைக் கண்டித்து அறிக்கை விட்டது. மறைக்கப்பட்டிருந்த ஒரு மருத்துவப் பரிசோதனை முடிவும் வெளிவந்து 2003-இல் அவர் விடுதலையானார். 2007-இல் இறந்துபோனார். பெருக்கச் சொன்னார்கள், பெருக்கினார் அந்த நிபுணர். கிளையில் என்ன எழுத வேண்டும் என்று அவருக்கும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

எனக்குப் பதில் சொல்பவர்கள் இரண்டு சொல்வார்கள். ஒன்று, "நேரம் இல்லை சார், சிலபஸ் முடிக்கணும்." விதை நெல் கணக்கை அந்தப் பெண்ணுக்குச் சொல்ல எனக்கு இருபது நிமிடம் ஆனது. அதன் பிறகு புத்தகத்து இயந்திரக் கணக்குகள் நான்கை அவளே போட்டாள், நுனிகளைக் கூட்டி ஒன்று வருகிறதா என்றும் பார்த்தாள். மந்திரத்தை வைத்துக்கொண்டு ஒரே கணக்கைப் பத்து முறை திருத்தும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். இன்னொன்று, "ஆயிரம் பேர், நூறு மணி என்று எழுதினால் பேப்பர் திருத்துபவர் மார்க்கு போடுவாரா?" என்பது. பிள்ளை ரஃப் பக்கத்தில் ஆட்களை எண்ணட்டும், விடைத்தாளில் 0.6 × 0.9 + 0.4 × 0.7 என்று எழுதட்டும். யார் தடுத்தார்கள்? திருத்துபவருக்குச் சூத்திரம் வேண்டும் என்பதற்காகப் பிள்ளையின் தலைக்குள்ளும் சூத்திரம் மட்டுமே இருக்க வேண்டுமா?

டியூஷன் நடத்தும் தம்பிகளுக்கு நேரடியாக ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை பலகையில் மரம் வரைந்ததும், எண் எதுவும் எழுதுவதற்கு முன், ஆயிரம் பேரை வேரில் நிறுத்துங்கள். எந்தக் கிளையில் எத்தனை பேர் போகிறார்கள் என்று பிள்ளைகளையே கேளுங்கள். நுனியில் நிற்கும் ஆட்களை எண்ணச் சொல்லுங்கள். யாராவது இரண்டு நுனியில் நிற்கிறார்களா, யாராவது தொலைந்து போனார்களா என்று கேளுங்கள். பெருக்கல் குறியும் கூட்டல் குறியும் அதற்குப் பிறகு வரட்டும். விதை நெல்லுக்கு அந்தப் பெண் வரைந்த மரம் என் நோட்டில் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் திண்ணையில்தான் இருப்பேன்.